இந்தப் பி வேற, அந்தப் பி வேற

எனக்கு மூக்கு மேல கோவம் வரும்னு குடோன்ல எல்லாருக்கும் தெரியும். வராம இன்னா பண்ணும்? நாள் முழுக்க அடுத்தவங்க தப்பைப் பாக்கறதுதான் என் வேலை. என் பேரு ஜெபமணி. ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து ஒரகடம் போற ரோட்டுல, சுத்தி கம்பங்கொல்லையும் கருவேல முள்ளுமா இருந்த காலத்துல, டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் குடோன் ஒண்ணு இருந்துது. அங்க நான் செக்கிங் டேபிள். டீலர் கேட்ட சாமானும் உள்ளேர்ந்து எடுத்துகினு வந்த சாமானும் ஒண்ணுதானான்னு நம்பரைப் பாத்து, சரின்னா பெட்டி கட்ட அனுப்புவேன். தப்புன்னா திட்டி அனுப்புவேன். திட்டறது சம்பளத்துல சேராது, அது நானா பண்றது.

நான் சொல்லப் போறது என் கதை இல்ல. அன்னபுஷ்பம் கதை. புஷ்பம் அக்கான்னு கூப்பிடுவேன்.

அக்காவுக்கு சேரப்பணஞ்சேரி. குள்ளமா, கெட்டியா இருக்கும். நடந்தா பின்னாடி போறவங்களுக்கு மூச்சு வாங்கும். குடோன்ல பிக்கர் வேலைக்கு, அதாவது ராக்குலேர்ந்து சாமான் எடுத்துகினு வர்ற வேலைக்கு, எடுத்த முதல் பொம்பள அதுதான். வேலைக்கு வந்த அன்னிக்கு சூப்பர்வைசர், "பின்லேர்ந்து எடுத்துகிட்டு வாம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இது தன் முந்தானையில குத்தியிருந்த ஊக்கைக் கழட்டி கையில வெச்சிகினு நிக்குது. பின்னுன்னா சாமான் போட்டு வெக்கிற பெட்டின்னு நான்தான் சொன்னேன். "பெட்டின்னு சொல்றதுக்கு இன்னா கேடு"ன்னு கேட்டுது. அப்பவே எனக்கு புடிச்சிப்போச்சு.

அந்தப் பெட்டிங்களுக்கு ஒரு விலாசம் உண்டு. இரும்பு ராக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு இங்கிலீஷ் எழுத்து. ராக்குல எத்தனாவது தட்டு, தட்டுல எத்தனாவது பெட்டி. பி-3-14ன்னா பி ராக்கு, மூணாவது தட்டு, பதினாலாவது பெட்டி. சாமான் பேரே தெரிய வேணாம். விலாசம் தெரிஞ்சா போதும், கண்ணை மூடிகினு போய் எடுத்துகினு வந்துடலாம்னு கம்பெனிக்காரங்க பெருமையா சொல்லுவாங்க. கண்ணை மூடிகினு எடுத்த லட்சணத்தை நான் டேபிள்ல பாத்தவ.

ஆபீஸ்லேர்ந்து டைப் அடிச்ச சீட்டு கவுண்டருக்கு வரும். கவுண்டர்ல உயரமான ஸ்டூல் ஒண்ணு. அதுல ஒருத்தர் உக்காந்து, சீட்டைப் பாத்து, விலாசத்தையும் எண்ணிக்கையையும் கூப்பிடுவாரு. பிக்கருங்க கேட்டுகினு தள்ளுவண்டியோட ஓடுவாங்க. பிக்கருங்கள்ல பாதிப் பேருக்கு இங்கிலீஷ் படிக்க வராது, அதுக்காக ஆரம்பத்துல வெச்ச பழக்கம் அது. ஸ்டூல்ல உக்காந்து கூப்பிடறவரு மரியஜோசப் அண்ணன். அன்னபுஷ்பம் அக்காவோட வூட்டுக்காரரு. அவர்தான் கெஞ்சிக் கூத்தாடி அக்காவை வேலைக்கு சேத்ததும்.

அண்ணனுக்கு குரல்னா அப்படி ஒரு குரல். கோயில்ல பூசை நேரத்துல இவர் பாட ஆரம்பிச்சா பக்கத்துல இருக்கறவங்க வாயை மூடிக்குவாங்க, பிரயோஜனம் இல்லன்னு. நாங்க சிஎஸ்ஐ, எங்க சபையில இந்த மாதிரி தொண்டை ஒண்ணு இல்லையேன்னு எனக்கே வயித்தெரிச்சல் உண்டு. அந்தக் குரலை வெச்சிகினு அவருக்கு ஏகப்பட்ட மிதப்பு. குடோன் இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் என் வாயாலதான் ஓடுதுன்னு சொல்லிகினு திரிவாரு.

இன்னொண்ணு, அண்ணன் தப்பே பண்ண மாட்டாரு. பண்ணினாலும் அது தப்பு இல்ல. கல்யாணமான புதுசுல அக்காவை வேளாங்கண்ணிக்கு கூட்டிகினு போறேன்னு காஞ்சிபுரத்துல பஸ் ஏத்தியிருக்காரு. இறங்கிப் பாத்தா வேலூரு. பஸ்ஸு போர்டை முழுசா படிக்கல, வே பாத்ததும் ஏறியாச்சு. அக்கா அழுதுகினு நின்னா, இவர் இன்னா சொன்னாரு தெரியுமா? "வேலூர்லயும் மாதா கோயில் கீது. மாதா எல்லா ஊர்லயும் ஒரே மாதாதான்." அங்கயே ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு திரும்பி வந்துட்டாங்க. இன்னிய வரைக்கும் அதை வேளாங்கண்ணிக்கு போன கணக்குலதான் வெச்சிருக்காருன்னு அக்கா சொல்லி சிரிக்கும். சிரிச்சி முடிச்சதும், "ஒரு தபா, ஒரே ஒரு தபா, தப்பு என்னுதுன்னு சொல்ல வேணாமா ஜெபா"ன்னு முகம் சுண்டிப்போவும்.

அப்புறம் பெரிய ஷெட்டு ஒண்ணு கட்டினாங்க. அதுவரைக்கும் ராக்கு ஏ-லேர்ந்து எச் வரைக்கும்தான். புது ஷெட்டுல ஐ-லேர்ந்து டி வரைக்கும் நிறுத்தினாங்க. அந்த சமயத்துலதான் அக்காவும் வந்து சேந்துது. அதுக்கப்புறம் என் டேபிளுக்கு வந்த கூத்தை எங்க போய் சொல்ல? ஆயில் சீல் கேட்டா விளக்குக் கண்ணாடி வருது. பிரேக் லைனிங் கேட்டா சைலென்சர் கிளாம்பு வருது. நான் தடுத்தது போக, அவசரம்னு செக்கிங் இல்லாம நேரா லாரிக்கு போன லோடும் உண்டு. தஞ்சாவூர் டீலர் ஒருத்தரு உழவு நேரத்துல டிராக்டரை நிறுத்தி வெச்சிகினு சீலுக்கு காத்திருந்தா, அவருக்கு நாங்க அனுப்பினது கண்ணாடி. அந்த மனுஷன் எழுதின கடுதாசியை ஆபீஸ்ல சத்தமா படிக்கக்கூட முடியலையாம்.

பழி யார் மேல விழும்? புதுசா வந்த பொம்பள மேலதான். எல்லப்பன்னு ஒரு பிக்கரு, பழைய ஆளு, வாய் சும்மா இருக்காது. "வூட்டுல புருஷன் பேச்சைக் கேக்காதவ, இங்க மட்டும் கேப்பாளா"ன்னு தள்ளுவண்டியை உருட்டிகினே பாட்டு மாதிரி சொல்லுவான். எல்லாரும் சிரிப்பாங்க. ஸ்டூல் மேல அண்ணனும் சேந்து சிரிப்பாரு. எனக்கு பத்திகினு வரும்.

எங்க சூப்பர்வைசர் இராமச்சந்திரன் மெட்ராஸ்காரரு. நல்லவரு, ஆனா எதுக்கெடுத்தாலும் ரிப்போர்ட்டு. மழை பெய்யுதுன்னு சொன்னா எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு கேப்பாரு. மேனேஜர் பாண்டுரங்கன் சத்தம் போட்டதும் என்னைக் கூப்பிட்டு, யார் யார் எத்தனை தப்பு எடுத்தாங்கன்னு எழுதிக் குடுக்கச் சொன்னாரு. தப்பு வந்த ஒவ்வொரு சீட்டையும் நான் கம்பியில குத்தி வெச்சிருந்தேன். எண்ணிக் குடுத்தேன். முதல் பேரு அன்னபுஷ்பம். மத்தவங்களுக்கும் அக்காவுக்கும் நடுவுல பெரிய இடைவெளி.

அது போதாதுன்னு அந்த வாரமே நோட்டீஸ் போர்டுல ஒட்டினாங்க. தற்காலிக பிக்கருங்கள்ல ஒரே ஒருத்தரை பர்மனென்ட் பண்ணுவாங்களாம். மத்தவங்களுக்கு மாசக் கடைசியோட சரி. யாருன்னு மேனேஜர் நேர்ல வந்து முடிவு பண்ணுவாரு, வேலைத் திறமையைப் பாத்துன்னு போட்டிருந்துது. அக்கா வேலையில வேகம், லீவு போடாது, எல்லாம் சரி. ஆனா தப்பு லிஸ்டுல முதல் பேரு. அந்த லிஸ்டு என் கையெழுத்துல இருந்துது.

பர்மனென்ட்டுன்னா அக்காவுக்கு உசிரு. தற்காலிகம்னா சில மாசத்துக்கு ஒரு தபா கணக்கு முடிச்சி வூட்டுக்கு அனுப்பி, கொஞ்ச நாள் கழிச்சி புதுசு மாதிரி கூப்பிடுவாங்க. காலையில கேட்டுக்கு வெளிய நின்னு, பர்மனென்ட்டுங்க எல்லாம் டைம் கார்டை மிஷின்ல குத்திட்டு உள்ள போன பிறகு வாட்ச்மேன் பேரைக் கூப்பிட்டாத்தான் உள்ள. "என் பேரு போட்ட கார்டை நானே குத்திட்டு, யாரையும் பாக்காம உள்ள போவணும் ஜெபா, அவ்வளவுதான்"னு சொல்லும்.

நோட்டீஸைப் பாத்துட்டு அக்கா சாப்பாட்டு நேரத்துல அண்ணன்கிட்ட போச்சு. நானும் கூட இருந்தேன்.

"நீ கூப்பிடறதைத்தான் நான் எடுத்துகினு வரேன். எனக்கு மட்டும் எப்படி தப்பாவுது?"

"காதை எங்கியாவது வெச்சிட்டு வந்தா அப்படித்தான் ஆவும்."

"எல்லாருக்கும் உன் குரல் கேக்குது, எனக்கு கேக்கலையா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ரோட்டுல போற மாட்டுக்கு கேக்குது என் குரலு."

அக்கா டிபன் டப்பாவை மூடி வெச்சிட்டு எழுந்து போயிடுச்சு. அண்ணன் மீதி சோத்தையும் சேத்து சாப்பிட்டாரு. இந்த மாதிரி ஆம்பளையை நான் கட்டியிருந்தா அன்னிக்கே டப்பாவை தலையில கவுத்திருப்பேன்.

நேரா சூப்பர்வைசர்கிட்ட போனேன். "சார், என்னைக் கேட்டா இந்த லிஸ்டு சுத்த மோசம்"னேன். எழுதினதே நீதானேன்னு பாத்தாரு. "எண்ணினது சரி சார். ஆனா அந்தம்மா மத்தவங்க எடுக்கறதைப் போல ரெண்டு மடங்கு எடுக்குது. அதிகம் எடுக்கறவ கையில அதிகம் தப்பு வரும். சொம்மா உக்காந்து பீடி குடிக்கறவன் தப்பே பண்ண மாட்டான், அவனுக்கு குடுங்களேன் பர்மனென்ட்டு."

அவருக்கு கணக்கு சொன்னா புரியும். நூறு எடுத்தா எத்தனை தப்புன்னு போட்டுப் பாத்தோம். அக்கா முதல் இடத்துலேர்ந்து ரெண்டாவது இடத்துக்கு இறங்கிச்சு. அவ்வளவுதான் இறங்கிச்சு. எனக்கு சப்புன்னு ஆயிடுச்சு.

"ஜெபமணி, இன்னொண்ணு பண்ணு"ன்னாரு. "யாருன்னு விடு. எங்கன்னு பாரு. எந்தப் பெட்டியில எடுக்க வேண்டியது, எந்தப் பெட்டியில எடுத்தாங்க, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல எழுது. எந்த இடத்துல தப்பு அதிகம்னு தெரியட்டும். இருட்டா இருக்கும், இல்ல பக்கத்துப் பக்கத்து பெட்டியில ஒரே மாதிரி சாமான் இருக்கும். டியூப் லைட்டு போட்டா சரியாயிடும்."

தப்பா வந்த சாமான் நம்பரை வெச்சி, அதோட சொந்த இடம் எதுன்னு ஸ்டாக் கார்டுல பாத்துக்கலாம். பெரிய வேலை இல்ல, ஆனா எரிச்சல் புடிச்ச வேலை. இங்கிலீஷ்ல எழுதினா சூப்பர்வைசர் பிழை திருத்த சிவப்பு பேனாவை எடுத்துடுவாரு. அதனால நான் தமிழ்லயே எழுதினேன். கோடு போட்டு, அழகா, முத்து முத்தா. கொண்டுபோய் மேஜை மேல வெச்சேன்.

படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு திரும்ப படிச்சாரு.

"எடுக்க வேண்டிய இடம் பி மூணு பதினாலு."

"ஆமா சார்."

"எடுத்த இடம் பி மூணு பதினாலு."

"ஆமா சார்."

"அப்புறம் எங்கம்மா தப்பு?"

"சார், இந்தப் பி வேற, அந்தப் பி வேற."

"எந்தப் பி?"

"அதான் சார், பி."

"அடுத்தது டி ரெண்டு ஆறு. எடுத்தது டி ரெண்டு ஆறு. அதுவும் இந்த டி வேற, அந்த டி வேறயா?"

"வேறதான் சார். ஒண்ணு பழைய ஷெட்டு, ஒண்ணு புது ஷெட்டு."

"பக்கம் பூரா இப்படித்தானே எழுதியிருக்க. பி-க்கு பி, டி-க்கு டி. நடுவுல இடது விளக்கு வலது விளக்கு மாறினது ரெண்டு மூணு. இதை மேனேஜருக்கு அனுப்பினா என்னை கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புவாரு."

எனக்கு சுர்ருனு ஏறிச்சு. தமிழ்ல பி-ன்னா ஒரே பி-தான் கீது, அதுக்கு நான் இன்னா பண்றது, வேணும்னா நீங்களே எழுதிக்குங்கன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். அப்போ கவுண்டர்லேர்ந்து அண்ணன் குரல் வந்துது, குடோனே அதிர்ற மாதிரி.

"அன்னபுஷ்பம், பி ரெண்டு எட்டு, ஆறு எண்ணம்."

சூப்பர்வைசர் விரலைத் தூக்கினாரு. "ஜெபமணி, இது எந்தப் பி?"

நான் தொறந்த வாயை மூடிகினேன். எனக்குத் தெரியல. இத்தனை வருஷமா கேக்கறேன், எனக்கே தெரியல.

அக்கா வண்டியைத் தள்ளிகினு எங்களைத் தாண்டி புது ஷெட்டுப் பக்கம் வேகமா போச்சு. சூப்பர்வைசர் கவுண்டருக்கு ஓடி சீட்டைப் பிடுங்கிப் பாத்தாரு. B. பழைய ஷெட்டு. அக்கா போனது P-க்கு. அவர் அங்கயே நின்னு சிரிக்க ஆரம்பிச்சவரு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. எதுக்குன்னு தெரியாம அண்ணனும் ஸ்டூல் மேலேர்ந்து கூட சிரிச்சாரு, பாவம்.

விஷயம் இவ்வளவுதான். ஏ-லேர்ந்து எச் வரைக்கும் இருந்த காலத்துல ஒரு பி, ஒரு டி. அண்ணன் எப்படி சொன்னாலும் சரி. புது ஷெட்டு வந்ததும் B-யும் P-யுமா ரெண்டு பி, D-யும் T-யுமா ரெண்டு டி ஆயிடுச்சு. மெட்ராஸ்ல கான்வென்ட்டு படிச்சவங்க வயித்துலேர்ந்து ஒரு பி, உதட்டுலேர்ந்து ஒரு பி சொல்லுவாங்க. அண்ணன் எட்டாவது, தமிழ் மீடியம். அவர் வாயில ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான்.

ஒரு வாரம் சீட்டை பிக்கருங்க கையிலயே குடுத்துப் பாக்கலாம்னு சூப்பர்வைசர் சொன்னாரு. படிக்க வராதவங்க கூட, ராக்கு மேல பெயின்ட்ல எழுதியிருக்கற எழுத்தையும் சீட்டுல இருக்கற எழுத்தையும் உருவம் பாத்து சேத்துடலாம் இல்லையா. அந்த வாரம் என் டேபிளுக்கு தப்பு வந்தது அத்தி பூத்த மாதிரி. திட்ட ஆள் இல்லாம எனக்கு வாய் நமநமன்னு இருந்துது. ஸ்டூல் மேல அண்ணன் வேலை இல்லாம, போற வர்றவங்களைப் பாத்துகினு உக்காந்திருந்தாரு. கேட்டா, "சும்மா டெஸ்ட்டு பண்றாங்க, திரும்ப நம்மகிட்டதான் வரும்"னாரு.

எல்லப்பன் ஒரு யோசனை சொன்னான். ஒரு பி-யை குட்டையா சொல்லு, இன்னொரு பி-யை நீட்டி சொல்லுன்னு. அண்ணன் ஒரே ஒரு தபா நீட்டி சொல்லிப் பாத்தாரு. குடோனே விழுந்து விழுந்து சிரிச்சிது. அந்த யோசனை அதோட சரி.

மேனேஜர் பாண்டுரங்கன் வந்தாரு. முன்னாடி முடி இல்லாம, பின்னாடி கையைக் கட்டிகினு நடக்கற ஆளு. எங்க எல்லாரையும் கவுண்டர் பக்கத்துல நிக்க வெச்சிட்டு ரெண்டு ரிப்போர்ட்டையும் பாத்தாரு. யாருங்கிற லிஸ்டு, எங்கங்கிற லிஸ்டு. ரெண்டாவது இப்போ இங்கிலீஷ்ல இருந்துது, சூப்பர்வைசர் கையெழுத்துல.

"தப்பு நடந்த இடம் புரியுது"ன்னாரு. "எழுத்துக் குழப்பம், சரி. ஆனா குழப்பம் எல்லாருக்கும் பொதுதானே. எல்லப்பனுக்கு பி, டி-யில ஏன் அதிகம் தப்பு வரல?"

எல்லப்பன் தலையை சொறிஞ்சான். "நான் கவுண்டர்ல எட்டி சீட்டைப் பாத்துட்டுப் போவேன் சார். சந்தேகமா இருந்தா எந்தப் பி-ன்னு அண்ணன்கிட்டயே கேப்பேன்."

"பாத்தீங்களா. சந்தேகம் வந்தா கேக்கணும். அதுதான் திறமை. இந்தம்மா ஏன் கேக்கல?" அக்காவைப் பாத்தாரு. "சொல்லும்மா. ஏன் கேக்கல?"

அக்கா கீழ பாத்துகினு நின்னுது. எனக்கு காரணம் தெரியும். கட்டின புருஷன் சொன்னதை திரும்பக் கேட்டா ஆம்பளைங்க கிண்டல் பண்ணுவாங்க. அது பரவால்ல. ஒரு தபா கேட்டுது அக்கா, வேலைக்கு வந்த புதுசுல. ஸ்டூல் மேலேர்ந்து அண்ணன் போட்ட சத்தம் இருக்கே, லாரி டிரைவருங்க வரைக்கும் எட்டிப் பாத்தாங்க. அதுக்கப்புறம் அக்கா வாயே தொறக்கல. காதுல விழுந்ததை எடுத்துகினு வந்துது, என்கிட்ட திட்டு வாங்கிச்சு. இதை எல்லாம் எடுத்துச் சொன்னா அண்ணன் வேலைக்கு ஆபத்து. அக்கா சொல்லாது. நான் சொல்லலாம்னு ஒரு அடி முன்னால வெச்சேன். அக்கா என் கையைப் புடிச்சி நிறுத்திச்சு.

"பதில் இல்லையா? அப்ப சரி"ன்னு மேனேஜர் பேனாவோட மூடியைக் கழட்டினாரு.

"கேட்டா நான் திட்டுவேன் சார்."

ஸ்டூல்லேர்ந்து வந்துது. அண்ணன் குரல்தானான்னு எனக்கே சந்தேகம், அவ்வளவு சின்னதா இருந்துது. இறங்கி வந்தாரு. சட்டை பட்டனை நெருடிகினே நின்னாரு.

"இன்னா சொல்ற?"ன்னாரு மேனேஜர்.

"ஒரு தபா கேட்டா சார். எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். அதுலேர்ந்து கேக்கறது இல்ல. எல்லப்பன் கேட்டா பதில் சொல்லுவேன். அவ கேட்டா..." வியர்வையைத் துடைச்சாரு. "எனக்கு ரெண்டு பி-யும் ஒண்ணாத்தான் வருது சார். நேத்து ராத்திரி வூட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன். வரல. தப்பு என் வாயில சார். அவ காதுல இல்ல. தப்பு என்னுது."

யாரும் சிரிக்கல. எல்லப்பன்கூட தள்ளுவண்டி சக்கரத்தைப் பாத்துகினு நின்னான். வேலூர் பஸ்ஸு ஏத்தின மனுஷன் இவர்தானான்னு நான் பாத்துகினே இருந்தேன். எனக்கு அவர் மேல இருந்த கோவம் எங்க போச்சுன்னே தெரியல, தேடினாலும் கிடைக்கல.

மேனேஜர் பேனாவுக்கு மூடியைத் திரும்ப போட்டாரு. அப்புறம் சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "இனிமே கூப்பிடறது வேணாம், சீட்டு கையிலயே போகட்டும். அந்த ஸ்டூலை எடுத்துடுங்க"ன்னாரு. அண்ணனை வண்டி தள்ள போடச் சொன்னாரு. கடைசியா, போற போக்குல, "இந்தம்மா பேரை எழுதிக்குங்க, பர்மனென்ட்டுக்கு"ன்னாரு. வேகத்துல யாரும் அக்காவுக்கு கிட்ட வர முடியாது, அந்த ஒரு வாரத்துல தப்பும் இல்ல, வேற யாரை எழுதறது?

அண்ணன் போய் ஸ்டூலை அவரே தூக்கிகினு போய் மூலையில வெச்சிட்டு வந்தாரு. அத்தனை வருஷம் உக்காந்த இடம். அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் குடோன்ல ஒரு சத்தம் இல்ல. வண்டி சக்கரம் உருள்றது மட்டும் கேட்டுது, எனக்கு ஒரு மாதிரியா இருந்துது.

ஷிப்ட்டு முடிஞ்சி மூணு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். அக்கா எப்பவும் முன்னால ஓடும். அன்னிக்கு அண்ணன் பக்கத்துலயே நடந்துது. நான் ரெண்டு அடி பின்னால. அப்புறம் அக்கா சொல்லிச்சு.

"அங்க ஒண்ணு சொன்னியே, அதை இன்னொரு தபா சொல்லு."

"எது?"

"அதான், கடைசியா சொன்னியே."

"அதான் எல்லாருக்கும் கேட்டுச்சே. உனக்கு மட்டும் கேக்கலையா?"

"கேக்கல"ன்னுது அக்கா. "எங்கிய்யா கேக்கறது? நீ வாயைத் தொறந்ததுமே நான் அழ ஆரம்பிச்சிட்டேன்."

அண்ணன் நின்னுட்டாரு. திட்டுவாரோன்னு எனக்கு பயம். சுத்திமுத்தி பாத்தாரு, என்னையும் பாத்தாரு. நான் செருப்பு வார் அறுந்த மாதிரி குனிஞ்சிகினேன். அவர் அக்கா காதுகிட்ட குனிஞ்சி சொன்னாரு. முழுசா சொன்னாரு, வாய் அசைஞ்சது எனக்குத் தெரிஞ்சிது. சத்தம் மட்டும் என் வரைக்கும் வரல.